ஆறு வருடம் பத்தரை மாதமான கதை

2023 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் நூலகத்துக்கு ஒரு பெண் பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். தொண்டு நிறுவனங்களின் அலுவலகங்களில் பத்தொன்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமைகளில் அங்கே உட்கார்ந்து விண்ணப்பம் எழுத வருகிறவர்களுக்கு உதவுவது என் வழக்கம். பணியில் இருந்தபோது என் மேசைக்கு வந்த விண்ணப்பங்களைத் தகுதி உள்ளவை, இல்லாதவை என்று பிரிப்பது என் வேலைகளில் ஒன்று. ஆகவே எந்த வரியைப் படித்ததும் ஒரு விண்ணப்பம் ஓரமாக ஒதுக்கப்படும் என்பது எனக்கு ஓரளவு தெரியும். வந்தவருடைய தற்குறிப்பில் அப்படிப்பட்ட வரிகள் ஏழெட்டு இருந்தன.

அவருக்கு வயது முப்பத்து நான்கு. தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்கே உள்ள கடற்கரை ஊர். 2011இல் பி.காம். முடித்தவர். கணவர் ஆழ்கடல் படகில் போகிறவர். சம்பளத்துக்குப் பார்த்த வேலை என்று சொன்னால், திருமணத்துக்கு முன்பு மார்த்தாண்டத்தில் ஒரு நகைக்கடையில் எட்டு மாதம் காசாளராக இருந்தது மட்டும்தான். அதன் பிறகு செய்தவை எல்லாம் சம்பளம் இல்லாத வேலைகள். சுய உதவிக் குழுவில் ஊக்குநராக இருந்திருக்கிறார். ஒக்கி புயலுக்குப் பிறகு ஊர்த் தேவாலயத்தின் பங்கு அலுவலகத்தில், கடலுக்குப் போனவர்களின் பட்டியல் எடுத்திருக்கிறார். அப்போது ஒரு வருடமாக அரசின் இல்லம் தேடிக் கல்வி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார்.

உறைக்குள் இருந்த அறிவிப்பு, மாவட்டத்தின் கடலோர ஊர்களில் பேரிடர் தயார்நிலைத் திட்டம் நடத்தும் ஒரு தொண்டு நிறுவனம் வெளியிட்டது. பதவி, கள ஒருங்கிணைப்பாளர். தகுதியாக ஏதேனும் ஒரு பட்டமும், கீழ்க்கண்ட பணிகளில் 2 ஆண்டு தொடர்புடைய அனுபவமும் கேட்டிருந்தார்கள். பணிகள் நான்கு. வீடு வீடாகக் கணக்கெடுத்துப் பயனாளிகள் பட்டியல் தயாரித்துச் சரிபார்ப்பது முதலாவது. சமூகக் குழுக்களின் கூட்டங்களை நடத்திப் பதிவேடுகளைப் பராமரிப்பது இரண்டாவது. அரசுத் துறைகளோடு ஒருங்கிணைப்பது மூன்றாவது. மாதாந்திர அறிக்கையும் செலவுக் கணக்கும் தயாரிப்பது நான்காவது. கடைசித் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"அக்கா, எனக்கு ஏழு வருட அனுபவம் இருக்கிறது. ஆனால் சம்பளம் வாங்கியதில்லை. எழுதலாமா, எழுதக் கூடாதா?" என்று கேட்டார்.

எழுதலாம். ஆனால் ஏழு வருடம் என்று எழுத முடியாது. ஏன் என்பதைத்தான் அடுத்த பன்னிரண்டு நாளும் இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தோம்.

அறிவிப்பு உண்மையில் என்ன கேட்கிறது

நாங்கள் முதலில் செய்தது அறிவிப்பைப் பேனாவோடு படித்ததுதான். இத்தகைய அறிவிப்புகளில் 'அனுபவம்' என்ற சொல்லுக்கு முன்னால் என்ன அடைமொழி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 'முழுநேர', 'ஊதியம் பெற்ற', 'பட்டம் பெற்ற பின்' என்று இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு கதவை அடைக்கிறது. சம்பளச் சீட்டு, வருங்கால வைப்புநிதிக் கணக்கு எண் போன்றவற்றை இணைக்கச் சொல்லியிருந்தாலும் பொருள் அதுதான். அரசுத் தேர்வாணைய அறிவிக்கைகளில் அனுபவச் சான்றுக்கு மாதிரிப் படிவமே கொடுத்திருப்பார்கள். பதவிப் பெயர், பணியில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, வேலை கொடுத்தவரின் கையெழுத்து என்று அமைந்த அந்தப் படிவத்துக்குள் ஊதியமில்லாத பணியை நுழைக்கப் பார்ப்பது பெரும்பாலும் வீண்முயற்சி. அதற்குச் செலவாகும் நாளை வேறு விண்ணப்பத்துக்குக் கொடுக்கலாம்.

எங்கள் அறிவிப்பில் 'தொடர்புடைய அனுபவம்' என்று மட்டும் இருந்தது. இது திறந்த கதவு என்று சொல்ல முடியாது, தாழ்ப்பாள் போடாத கதவு. அறிவிப்பின் கீழே இருந்த மின்னஞ்சல் முகவரிக்கு அன்றே இரண்டு வரி எழுதச் சொன்னேன். "இப்பணிகளை ஊதியமின்றி, பகுதிநேரமாகச் செய்த அனுபவம் கணக்கில் கொள்ளப்படுமா? ஆம் எனில் அதற்கு எத்தகைய சான்று தேவை?" கேட்கத் தயங்கினார். கேட்டால் ஆள் தகுதியில்லாதவர் என்று முன்கூட்டியே முத்திரை குத்திவிடுவார்களோ என்று பயம். என் அனுபவத்தில் அப்படி நடந்ததில்லை. அந்தக் கேள்வியைப் படிக்கிறவர் பெரும்பாலும் அலுவலக உதவியாளர்தான், தேர்வுக் குழு அல்ல.

மூன்றாம் நாள் பதில் வந்தது. ஊதியம் கட்டாயமில்லை, பகுதிநேரப் பணியானால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று குறிப்பிடவும், பொறுப்பில் இருந்த ஒருவரின் கடிதம் இணைக்கவும் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பதிலை அச்செடுத்து விண்ணப்பத்தோடு இணைத்தோம். தகுதி பார்க்கிறவருக்கு இது முக்கியம். அவர் கையில் இருக்கும் சரிபார்ப்புத் தாளில் 'அனுபவம்: ஆம் / இல்லை' என்று ஒரு கட்டம்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் 'இல்லை' என்று குறிப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. தன் அலுவலகமே எழுதிய பதில் கண்முன்னே இருந்தால் அந்தச் சந்தேகம் எழாது.

மணிக்கணக்கு

வாரத்துக்கு இத்தனை மணி என்று எழுதும் பழக்கம் நம் ஊரில் குறைவு. அமெரிக்க மத்திய அரசின் வேலை அறிவிப்புகளில் இது வெகுகாலமாக இருக்கிறது. ஊதியம் பெற்றதும் பெறாததும் ஆகிய இருவகை அனுபவமும் ஏற்கப்படும் என்று அறிவிப்பிலேயே எழுதியிருப்பார்கள். விண்ணப்பிக்கிறவர் ஒவ்வொரு பணிக்கும் தொடங்கிய மாதம், முடிந்த மாதம், வாராந்திர மணி நேரம் மூன்றையும் தர வேண்டும். வாரம் 40 மணி முழுநேரம் என்று வைத்தால், வாரம் 20 மணி என்று ஒரு வருடம் செய்தவருக்கு ஆறு மாத அனுபவம் என்று கணக்காகும். அங்கே வேலைக்குப் போன என் அக்காள் மகனுக்கு விண்ணப்பம் நிரப்பியபோது தெரிந்துகொண்ட முறை இது. கருணையும் இல்லை, வஞ்சனையும் இல்லை என்பதால் எனக்குப் பிடித்துவிட்டது.

அதே முறையில் இவருடைய வேலைகளைக் கணக்கிட்டோம்.

சுய உதவிக் குழு முதலில். பதினான்கு பேர் கொண்ட குழுவில் 2015 ஜூன் முதல் 2021 மே வரை இவர் ஊக்குநர். வாரக் கூட்டம் இரண்டு மணி நேரம். கூட்டம் முடிந்து வீட்டில் உட்கார்ந்து தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, உறுப்பினர்களின் பாஸ்புத்தகங்கள் எல்லாவற்றையும் எழுதி முடிக்க இரண்டு மணி நேரம். வங்கிக்கும் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்துக்கும் மாதத்துக்கு நான்கு மணி என்று வைத்தால் வாரத்துக்கு ஒரு மணி. மொத்தம் வாரம் 5 மணி. ஆறு வருடம் என்று அவர் சொன்னாலும், ஊரடங்கின்போது ஐந்து மாதம் கூட்டம் நடக்கவில்லை. தீர்மானப் புத்தகத்தில் தேதிகள் அப்படியே நின்றிருந்தன. அதைக் கழித்தால் ஏறத்தாழ 290 வாரம், 1,450 மணி.

ஒக்கிக்குப் பிறகான பட்டியல் வேலை, 2017 டிசம்பர் தொடங்கிப் பன்னிரண்டு வாரம். தொடக்கத்தில் பகல் முழுவதும், பிறகு அரை நாள். சராசரியாக வாரம் 30 மணி என்று எடுத்துக்கொண்டோம். 360 மணி.

இரண்டையும் கூட்டினால் 1,810 மணி. முழுநேர ஊழியர் ஒருவர் வாரம் 40 மணி வீதம் மாதத்துக்குச் சுமார் 173 மணி வேலை செய்கிறார். 1,810 மணி என்பது பத்தரை மாதம்.

அவர் முகம் வாடிவிட்டது. ஆறு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனது பத்தரை மாதம்தானா என்று கேட்டார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தக் கழித்தலை நாம் செய்யாவிட்டால் நேர்முகத்தில் அவர்கள் செய்வார்கள். அப்போது மிச்சம் இருப்பதையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

பிறகுதான் நகைக்கடை நினைவுக்கு வந்தது. அந்த எட்டு மாதத்தை அவர் தற்குறிப்பின் கடைசியில், பொழுதுபோக்குக்கு மேலே, ஒரு வரியாகப் போட்டிருந்தார். தினமும் கடை அடைக்கும்போது ரசீதுகளையும் கல்லாவையும் நேர் பார்த்து நாள் கணக்கு எழுதிக் கொடுத்தவர் அவர். நான்காம் பணியில் உள்ள செலவுக் கணக்கோடு இது நேரடியாகத் தொடர்புடையது. சமூகப் பணியை வலியுறுத்தும் ஆர்வத்தில் பலர் தங்கள் பழைய சின்ன வேலைகளை இப்படித்தான் புதைத்துவிடுகிறார்கள். பத்தரையும் எட்டும் பதினெட்டரை மாதம். இரண்டு ஆண்டுக்கு இன்னும் ஐந்தரை மாதம் குறைவு.

இல்லம் தேடிக் கல்வியைச் சேர்த்தால் அந்தக் குறைவு கொஞ்சம் சுருங்கும் என்றார். மாலையில் ஒன்றரை மணி நேரம், வாரம் ஐந்து நாள், ஒரு வருடத்துக்கு மேலாக. மணிகள் உண்மைதான். ஆனால் அறிவிப்பில் கற்பித்தல் என்ற பணியே இல்லை. தொடர்பில்லாத மணியைத் தொடர்புள்ள மணியோடு கலந்து எடை கூட்டினால், கலப்படம் தெரிந்த பிறகு முழு மூட்டையும் திரும்பி வரும். அதைத் தனி வரியில், வேறு தலைப்பின் கீழ் எழுதினோம். அரசு அப்போது தந்த மாதம் 1,000 ரூபாயையும் மறைக்காமல் ஊக்கத்தொகை என்று குறிப்பிட்டோம். அதைச் சம்பளம் என்று எழுதுவதும் தவறு, ஒன்றுமே வாங்கவில்லை என்று எழுதுவதும் தவறு.

பட்டியல் எடுத்த பன்னிரண்டு வாரம்

மணிக்கணக்கு அளவைச் சொல்லும். வேலையின் ஆழத்தைச் சொல்லாது. இவருடைய தற்குறிப்பில் ஒக்கி பற்றி இருந்த வரி இது: "ஒக்கி புயலின்போது நிவாரணப் பணிகளில் பங்கேற்றுச் சேவை புரிந்துள்ளேன்." இந்த மாவட்டத்தில் இந்த வரியை எழுதக்கூடியவர்கள் பல ஆயிரம் பேர். நானும் எழுதலாம். இரண்டு நாள் பொட்டலம் கட்டியிருக்கிறேன்.

"பங்கு அலுவலகத்தில் என்ன செய்தீர்கள் என்று முதல் நாளிலிருந்து சொல்லுங்கள் மக்களே" என்றேன். ஒரு மணி நேரம் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

2017 நவம்பர் 29 இரவும் 30 பகலும் காற்று அடித்தது. தூத்தூர் மண்டலத்து ஊர்களின் ஆழ்கடல் படகுகள் பெரும்பாலும் கொச்சியிலிருந்து கிளம்பிப் பல வாரம் கடலில் தங்குபவை. கரைக்கு அருகே மீன்பிடிக்கும் வள்ளங்களும் அன்று கடலில் இருந்தன. யார் யார் கடலில் இருக்கிறார்கள் என்பதற்கு ஒரே பட்டியல் எங்கும் இல்லை. பங்கில் ஒன்று, மீன்வளத் துறையிடம் ஒன்று, காவல் நிலையத்தில் வந்த புகார்களின்படி ஒன்று. மூன்றும் மூன்று விதம்.

ஒரே ஊரில் அந்தோணி என்ற பெயரில் இருபது பேர் இருப்பார்கள். படகில் ஒரு பட்டப்பெயர், குடும்ப அட்டையில் இன்னொரு பெயர். மனைவி ஒரு பட்டியலில் பெயர் கொடுத்திருப்பார், தாய் இன்னொரு பட்டியலில் கொடுத்திருப்பார். வேறு மாவட்டத்திலிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் வந்து அதே படகில் ஏறிய ஆட்களுக்காகப் பெயர் கொடுக்க இங்கே ஒருவரும் இல்லை. இதற்கிடையே காணாமல் போனதாக எழுதிய படகுகள் லட்சத்தீவிலும் கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத் துறைமுகங்களிலும் கரை சேர்ந்ததாகச் செய்தி வந்துகொண்டே இருந்தது. ஆகவே நேற்றுச் சரியாக இருந்த பட்டியல் இன்று தவறு.

இவரும் இன்னும் மூன்று பேரும் செய்தது இதுதான். பெயரை வைத்துத் தேடுவதை நிறுத்திவிட்டு, படகின் பதிவு எண்ணை முதல் கட்டமாக வைத்தார்கள். அதன் கீழ் கிளம்பிய தேதி, துறைமுகம், உடன் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் தந்தை பெயர், வீட்டுப் பெயர், குடும்ப அட்டை எண். கடைசிக் கட்டத்தில் மூன்று நிலை: திரும்பினார், வேறு துறைமுகத்தில் இருக்கிறார், தகவல் இல்லை. திரும்பினார் என்று மாற்ற வேண்டுமானால், அவரே தொலைபேசியில் பேசியதாக வீட்டார் ஒருவர் சொல்ல வேண்டும், தேதியோடு. வதந்தியை நம்பி முதல் நாளில் இரண்டு பெயரை மாற்றிவிட்டு, மறுநாள் திருத்தியபோது அந்த வீடுகளில் நடந்ததைப் பார்த்த பிறகு வந்த விதி அது. தினமும் மாலை ஆறு மணிக்குப் பட்டியலின் புதுப் பிரதி ஒன்றைப் பங்குத் தந்தையிடம் கொடுப்பார்கள். நானூற்றுப் பத்துக் குடும்பம் கொண்ட பங்கு அது. எல்லா வீட்டுக்கும் குறைந்தது ஒரு முறை போயிருக்கிறார்கள்.

இதைக் கேட்ட பிறகு நாங்கள் எழுதிய பத்தி இது:

"பயனாளிகள் கணக்கெடுப்பும் சரிபார்ப்பும் (தன்னார்வப் பணி, ஊதியமில்லை), 2017 டிசம்பர் – 2018 பிப்ரவரி, 12 வாரம், வாரம் சுமார் 30 மணி. நால்வர் குழுவில் ஒருவராக, 410 குடும்பங்களிடம் நேரில் விவரம் சேகரித்தேன். மூன்று வெவ்வேறு பட்டியல்களைப் படகுப் பதிவு எண், குடும்ப அட்டை எண் ஆகியவற்றின்படி ஒப்பிட்டு, இரட்டைப் பதிவுகளை நீக்கினேன். நிலை மாற்றங்களை நாள்தோறும் பதிந்து மாலைதோறும் பிரதி அளித்தேன்."

'நால்வர் குழுவில் ஒருவராக' என்ற சொற்களை எடுத்துவிடலாமா என்று கேட்டார். கூடாது. மற்ற மூவரில் ஒருவர் அதே பதவிக்கு விண்ணப்பித்திருந்தால் என்ன ஆகும்? (விண்ணப்பித்திருக்கவில்லை. ஆனால் சிறிய மாவட்டம் இது.) 'ஒருங்கிணைப்பாளராக இருந்தேன்' என்று பதவிப் பெயர் சூட்டிக்கொள்வதும் இதே வகைப் பிழை. ஊதியமில்லாத பணியில் பதவிப் பெயரைக் கொடுத்தவர் ஒருவரும் இல்லாதபோது, செய்த வினையைச் சொல்வதுதான் உறுதியானது.

இன்னொன்றையும் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பட்டியலின் நகல் ஒன்று அவர் வீட்டில் இருந்தது. அதை அப்படியே இணைக்க நினைத்திருந்தார். அதில் உள்ளவர்களில் சிலர் திரும்பவே இல்லை. அவர்கள் குடும்பங்களின் அட்டை எண்ணும் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கின்றன. வேலை கேட்கும் காகிதத்தில் அவை போகக் கூடாது. கட்டங்களின் தலைப்பு மட்டும் தெரியும் வெற்றுத் தாள் ஒன்றை மாதிரியாக இணைத்தோம். பார்க்கிறவருக்கு அதுவே போதும். தரவைக் கையாளத் தெரிந்தவர் என்பதற்கு, தரவைக் காட்டாமல் விட்டதும் ஒரு சான்றுதான் என்று நேர்முகத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். சொன்னாரா தெரியாது.

மூன்றாம் பணியான அரசுத் துறை ஒருங்கிணைப்பில் எங்களுக்குள் சின்ன வாக்குவாதம் வந்தது. குழித்துறையில் உள்ள தாலுகா அலுவலகத்துக்கு நான்கு முறை போயிருக்கிறார். போய் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். குடும்பத்தாரோடு வரிசையில் நின்றார், படிவம் நிரப்பிக் கொடுத்தார். அது நல்ல உதவி. ஆனால் ஒருங்கிணைப்பு என்றால் ஒரு துறையின் அலுவலர் இவரைப் பெயர் சொல்லி அழைத்து விவரம் கேட்கிற உறவு இருக்க வேண்டும், கடிதப் போக்குவரத்து இருக்க வேண்டும். அது இல்லை. அந்தப் பணிக்கு எதிரே, "நேரடி அனுபவம் இல்லை, குடும்பங்களுக்கு விண்ணப்ப உதவி செய்திருக்கிறேன்" என்று எழுதினோம்.

யார் கையெழுத்துப் போடுவது

பன்னிரண்டு நாளில் ஐந்து நாளைத் தின்றது இதுதான்.

ஒக்கி நேரத்தில் இருந்த பங்குத் தந்தை வேறு பங்குக்கு மாறிப் போயிருந்தார். இரண்டு பஸ் மாறிப் போய் அவரைப் பார்த்து வாங்கி வந்த முதல் கடிதத்தில், இவர் தியாக மனப்பான்மை உடையவர், இனிமையாகப் பழகுபவர், இறைவன் ஆசி பெறுவாராக என்று இருந்தது. ஒரு தேதி இல்லை, ஓர் எண் இல்லை. நற்சான்றும் அனுபவச் சான்றும் வேறு வேறு. முன்னது ஆள் எப்படி என்று சொல்லும், பின்னது ஆள் என்ன செய்தார், எப்போது செய்தார், எவ்வளவு செய்தார், சொல்கிறவருக்கு அது எப்படித் தெரியும் என்று சொல்லும். நாங்களே வரைவு ஒன்றை எழுதி, சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள், தவறு இருந்தால் திருத்துங்கள் என்ற குறிப்போடு மறுபடி அனுப்பினோம். வாரம் 30 மணி என்பதை அடித்துவிட்டு '25 முதல் 30' என்று திருத்தி அனுப்பினார். அந்தத் திருத்தம் எனக்கு மகிழ்ச்சி அளித்தது. படித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட கடிதம் என்பது அதைப் பார்த்தாலே தெரிந்தது. விண்ணப்பத்திலும் அப்படியே மாற்றிக்கொண்டோம்.

இன்னொரு சிக்கல், கடிதத்தின் தலைப்பு. அவர் இப்போது இருக்கும் பங்கின் தலைப்புத்தாளில் எழுதினால், அந்தப் பங்குக்கும் இந்த வேலைக்கும் தொடர்பில்லை. ஆகவே "2017–18இல் இப்பங்கின் பங்குத் தந்தையாக இருந்தவன் என்ற முறையில்" என்று தொடங்கும் தனிக் கடிதமாக எழுதி வாங்கி, பதிவேடு இன்னும் பங்கு அலுவலகத்தில் இருக்கிறது என்று இப்போதைய பங்குப் பேரவைச் செயலரிடம் ஒரு வரிக் கடிதமும் வாங்கினோம்.

சுய உதவிக் குழுவுக்குச் சான்று வாங்குவது எளிது என்று நினைத்திருந்தார். குழு உறுப்பினர்கள் எல்லோரும் கையெழுத்திடத் தயார். ஆனால் பதினான்கு தோழிகளின் கையெழுத்துக்கு வெளியாள் பார்வையில் எடை குறைவு. கூட்டமைப்பின் தலைவி கொடுத்த கடிதம் கொஞ்சம் மேல். உண்மையில் கைகொடுத்தது வங்கி. பழைய மேலாளர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர், "நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று எனக்குத் தெரியாது, நான் எப்படிச் சான்று தருவது?" என்று நியாயமாகவே கேட்டார். அவரிடம் வேலைக்குச் சான்று கேட்க வேண்டாம், குழுவின் சேமிப்புக் கணக்கில் இவர் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை கையெழுத்திடும் அதிகாரம் பெற்றிருந்தார் என்று மட்டும் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அது வங்கியின் ஆவணத்தில் இருக்கும் விஷயம், கொடுத்துவிட்டார். யாருடைய நட்பையும் சாராத தேதிகள் கிடைத்தன.

நேர்முகம்

அழைப்பு வந்தது. மூன்று பேர் கொண்ட குழு, இருபத்தைந்து நிமிடம். திரும்பி வந்து என்னிடம் சொன்னதில் இரண்டு கேள்விகள் குறித்து வைக்கத்தக்கவை.

"ஒரே ஆள் பட்டியலில் இரண்டு முறை வந்திருப்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" இது உண்மையில் செய்தவரையும் கூட இருந்தவரையும் பிரிக்கிற கேள்வி. படகு எண், வீட்டுப் பெயர் பற்றிச் சொல்லிவிட்டு, ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே பெயரின் இரண்டு வடிவங்களை வைத்திருந்ததால் தாங்கள் தவறாக ஒரு பெயரை நீக்கிவிட்டதையும், தாய் வந்து கேட்ட பிறகு சேர்த்ததையும் சொல்லியிருக்கிறார். தவறைச் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவராகவே சொன்னது.

"உங்கள் குழுக் கணக்கில் எப்போதாவது ரொக்கம் உதைத்திருக்கிறதா?" உதைத்திருக்கிறது. ஒரு முறை சேமிப்புப் பேரேட்டின் கூட்டுத்தொகை ரொக்கப் புத்தகத்தைவிட 240 ரூபாய் அதிகம். ஒரு வாரம் கழித்துக் கண்டுபிடித்தார். ஓர் உறுப்பினர் கட்டிய கடன் வட்டி, பேரேட்டில் சேமிப்புக் கட்டத்தில் ஏறியிருந்தது. அழித்து எழுதாமல், அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டுத் திருத்தப் பதிவு எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தின் நகல் கையில் இருந்ததால், உறுப்பினர் பெயரை மறைத்துவிட்டுக் காட்டியிருக்கிறார். தேர்வுக் குழுவில் கணக்குப் பார்க்கிற அலுவலர் அந்தத் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தாராம்.

ஒருங்கிணைப்பாளர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. காரணத்தைத் தொலைபேசியில் கேட்கச் சொன்னேன். பலர் கேட்பதில்லை, கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். ஊதியமில்லாத பணியை மணிக்கணக்கின்படி முழுமையாக எடுத்துக்கொண்டதாகவும், முதல் இரண்டு பணிகளில் வந்தவர்களிலேயே இவர் நல்ல மதிப்பெண் பெற்றதாகவும், மூன்றாம் பணியில் ஒன்றும் இல்லாததும் மாதாந்திர அறிக்கை எழுதிய பழக்கம் இல்லாததும் குறை என்றும் சொல்லியிருக்கிறார்கள். தேர்வானவர் மூன்று ஆண்டு வேறொரு திட்டத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். அந்த முடிவில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை.

அறிக்கை விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அது என் பிழை. ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்கு இவர் மாதந்தோறும் குழுவின் சேமிப்பு, கடன், நிலுவை, வருகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது அறிக்கைதான். 'தாள் கொடுப்பேன்' என்று அவர் போகிற போக்கில் சொன்னபோது நான் நின்று கேட்கவில்லை. நேர்முகம் முடிந்து பத்து நாள் கழித்து வேறு ஏதோ பேச்சில் அது மறுபடி வந்தபோதுதான் உறைத்தது. அறுபதுக்கும் மேற்பட்ட மாத அறிக்கைகள், ஒன்றுகூட விண்ணப்பத்தில் இல்லை.

ஏப்ரலில் அதே நிறுவனம் மறுபடி அழைத்தது. திட்டத்தின் தொடக்கக் கணக்கெடுப்புக்கு நான்கு மாத ஒப்பந்தத்தில் இரண்டு களப் பணியாளர்கள் வேண்டும், வருகிறீர்களா என்று. கணவர் கடலுக்குப் போயிருந்த நேரம், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. மாமியாரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று மறுநாள் ஒப்புக்கொண்டார். சேர்ந்த அன்று எனக்குத் தொலைபேசியில் பேசியவர், வேலை நியமனக் கடிதத்தில் வாரம் எத்தனை மணி என்று எழுதாமல் விட்டிருக்கிறார்களே, எழுதச் சொல்லட்டுமா அக்கா என்று கேட்டார்.